கூட்டவா, கழிக்கவா?

ஜாப் கார்டு என்றால் தமிழ்நாட்டில் பலருக்கும் நூறு நாள் வேலைத் திட்டத்து அட்டைதான் நினைவுக்கு வரும். நாம் பார்க்கப்போவது வேறு அட்டை. அம்பத்தூரிலோ ஓசூரிலோ கோவை கணபதியிலோ தகடு மடக்கும் பட்டறை ஒன்றுக்குள் போனால், வெட்டி அடுக்கிய ஷீட்டுகளின் மேல் ஒரு தாள் கிடக்கும். எந்த டிராயிங், எத்தனை பீஸ், என்ன மெட்டீரியல், எந்த டை, எத்தனை டிகிரி என்று அந்த ஒற்றைத் தாள்தான் சொல்லும். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கெழுத்துகளில் இருக்கும். மிஷின் ஓட்டுகிறவருக்கு எண்கள் நன்றாகவே புரியும். எண்களுக்கு முன்னால் நிற்கும் சொற்களை அனுபவத்தால் ஊகித்துக்கொள்வார். ஊகம் தவறினால் தகடு ஸ்கிராப்புக்குப் போகும், சில வேளைகளில் மிஷினே கெட்டுப்போகும்.

ஆகவே கார்டைத் தமிழில் கொடுத்துவிடலாம் என்று யாராவது நினைப்பார்கள். நல்ல நினைப்புதான். ஆனால் அகராதியோடு உட்காருகிறவர் முதல் வரியிலேயே இடறுவார். மிஷினின் பெயர் பிரஸ் பிரேக். வண்டியை நிறுத்தும் பிரேக்குக்கும் இதன் வேலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இங்கே எதுவும் நிறுத்தப்படுவதில்லை, மடக்கப்படுகிறது. பட்டறையில் இதைப் ‘பெண்டிங் மிஷின்’ என்கிறார்கள். அந்தப் பெயரே கார்டுக்குப் போதும். மேலிருந்து இறங்கும் கருவியைப் பஞ்ச் என்றும், கீழே ஆங்கில வீ எழுத்து வடிவில் பள்ளம் உள்ள கருவியை டை என்றும், தகட்டின் பின் விளிம்பு போய் முட்டும் தடுப்பைப் பேக் கேஜ் என்றும் சொல்கிறார்கள். இவற்றை மாற்றக் கூடாது என்பது என் கட்சி. பஞ்ச்சுக்குத் துளைப்பான் என்று எழுதினால், படிக்கிறவர் ஓட்டை போடும் மிஷினைத் தேடிப் போவார்.

பொருள்களின் பெயர்கள் சிக்கலே இல்லை. கண்ணுக்குத் தெரியும் பொருளை எந்தப் பெயரால் அழைத்தாலும் கை அதைத் தொட்டுவிடும். அளவுகளின் பெயர்கள்தான் சிக்கல். ‘பெண்ட் அலவன்ஸ்’ என்பதையும் ‘டன்னேஜ்’ என்பதையும் கையால் தொட முடியாது. எங்கிருந்து எதுவரை அளந்தது, எதோடு கூட்ட வேண்டியது, எதிலிருந்து கழிக்க வேண்டியது என்று தெரிந்தால்தான் அவற்றுக்குப் பொருள்.

ஒரு கார்டை வைத்துக்கொண்டு பேசுவோம். வேலை ஒரு சேனல். பானா எழுத்தைப் போல மூன்று பக்கம், நான்காவது பக்கம் திறப்பு. 2 மி.மீ. கன மைல்டு ஸ்டீல் ஷீட். வெளி அளவுகள் 50, 100, 50 மி.மீ. நீளம் 1 மீட்டர். இரண்டு மடக்கு, இரண்டும் 90 டிகிரி. இதைச் செய்ய எத்தனை மி.மீ. அகலத்துக்கு ஷீட் வெட்ட வேண்டும்? ஐம்பதையும் நூறையும் ஐம்பதையும் கூட்டி 200 என்று வெட்டினால், மடக்கிய பிறகு சேனல் பெரிதாக வரும். எதனால் என்பதைப் புரிந்துகொள்ளாமல் அலவன்ஸைத் தமிழாக்க முடியாது.

பென்சில் எழுத்தை அழிக்கும் தடித்த ரப்பரை எடுத்து, அதன் பக்கவாட்டில் பேனாவால் நெருக்கமாகச் செங்குத்துக் கோடுகள் போட்டு வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். உள்பக்கத்தில் ஒன்றோடொன்று நெருங்கும். அதாவது வெளிப்புறம் இழுபடுகிறது, உள்புறம் நசுங்குகிறது. இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓர் அடுக்கு இழுபடவும் இல்லை, நசுங்கவும் இல்லை. வளைப்பதற்கு முன் எவ்வளவு நீளம் இருந்ததோ அதே நீளத்தில் அது இருக்கிறது. அதை நடுநிலைக் கோடு என்போம். தகடு மடங்கும்போதும் இதுதான் நடக்கிறது. மடங்கிய பகுதிக்கு எவ்வளவு ஷீட் செலவானது என்று தெரிய வேண்டுமானால், அந்தக் கோட்டின் வளைவை அளந்தால் போதும். அந்த நீளம்தான் பெண்ட் அலவன்ஸ்.

நடுநிலைக் கோடு தகட்டின் சரிபாதியில் ஓடும் என்று எதிர்பார்ப்போம். மெதுவாக, பெரிய ஆரத்தில் வளைத்தால் ஏறக்குறைய அப்படித்தான். இறுக்கமாக மடக்கினால் வெளிப்புறம் இழுபட்டு மெலிகிறது, கோடு உள்பக்கமாகத் தள்ளப்படுகிறது. எவ்வளவு தள்ளப்படுகிறது என்று சொல்லும் எண்தான் கே ஃபேக்டர். உள்பரப்பிலிருந்து கோடு வரையுள்ள தூரத்தைத் தகட்டின் கனத்தால் வகுத்தால் அது கிடைக்கும். சரிபாதி என்றால் 0.5. பட்டறை வேலைகளில் பெரும்பாலும் 0.33-க்கும் 0.5-க்கும் இடையே இருக்கும். நம் கார்டில் 0.42 என்று வைத்துக்கொள்வோம். உள் ஆரம் 2.5 மி.மீ.

```
BA = (π / 180) × A × (R + K × T)
BA = (π / 180) × 90 × (2.5 + 0.42 × 2) = 5.25
```

A என்பது எத்தனை டிகிரி மடக்குகிறோம் என்பது. R உள் ஆரம், T தகட்டின் கனம். ஆக ஒரு மடக்குக்குள் 5.25 மி.மீ. ஷீட் போகிறது.

இந்த 5.25-ஐ வைத்து அகலம் கண்டுபிடிக்க, முதலில் மடங்காத நேர்ப் பகுதிகளை மட்டும் எடுக்க வேண்டும். வெளி மூலையிலிருந்து வளைவு தொடங்கும் இடம் வரை உள்ள தூரம், 90 டிகிரி மடக்கில், உள் ஆரமும் கனமும் சேர்ந்தது: 2.5 + 2 = 4.5. ஓரப் பக்கங்களில் ஒரு மூலைதான் உண்டு, எனவே 50-லிருந்து 4.5 போக 45.5. நடுப்பக்கத்துக்கு இரு மூலை, 100-லிருந்து 9 போக 91. மூன்றையும் கூட்டினால் 182. அதோடு இரண்டு மடக்கின் அலவன்ஸ் 10.5 சேர்த்தால் 192.5. வெட்ட வேண்டிய அகலம் அதுதான்.

யாரும் பட்டறையில் இவ்வளவு தூரம் சுற்றி வருவதில்லை. வெளி அளவுகளை அப்படியே கூட்டி, ஒரு மடக்குக்கு இவ்வளவு என்று கழித்துவிடுவார்கள். ஒவ்வொரு மூலையிலும் வெளி அளவு 4.5-ஐ இரு பக்கமும் எண்ணுகிறது, ஆக 9. உண்மையில் அங்கே போன ஷீட் 5.25. கூடுதலாக எண்ணியது 3.75. இதுதான் பெண்ட் டிடக்‌ஷன். 200-லிருந்து இரண்டு 3.75 போனால் அதே 192.5.

ஆக ஒரே மடக்குக்கு இரண்டு எண்கள். ஒன்று கூட்ட வேண்டியது, மற்றது கழிக்க வேண்டியது. கூட்டுவது நேர்ப் பகுதிகளோடு, கழிப்பது வெளி அளவுகளிலிருந்து. ஆங்கிலக் கார்டுகளிலேயே இந்த இரண்டையும் பொதுவாக ‘அலவன்ஸ்’ என்று எழுதிவிடும் வழக்கம் உண்டு. மொழிபெயர்ப்பவர் முன்னால் இருக்கும் அலவன்ஸ் எந்த அலவன்ஸ் என்று எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அகராதியில் அலவன்ஸுக்குப் படி என்று இருக்கும். பயணப்படி, பஞ்சப்படியில் வரும் படி. அனுமதி என்றும் இருக்கும். இரண்டும் இங்கே உதவாது. இன்னொரு குழப்பமும் காத்திருக்கிறது. அதே பட்டறையின் லேத் பக்கம் போனால், துளைக்கும் அதற்குள் நுழையும் ஷாஃப்டுக்கும் வேண்டுமென்றே வைக்கும் அளவு வித்தியாசத்துக்கும் அலவன்ஸ் என்றுதான் பெயர். அந்தப் பழக்கத்தில் வந்தவர் பெண்ட் அலவன்ஸ் 5.25 என்று பார்த்தால், இவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். கழிவு என்று எழுதலாமே என்று எனக்கும் தோன்றியது. வியாபாரத்தில் கழிவு என்றால் தள்ளுபடி, சரியான பொருள்தான். ஆனால் ஷீட் பட்டறையில் கழிவு என்றால் மூலையில் குவிந்திருக்கும் ஸ்கிராப்.

இதற்கு நான் ஏற்கும் வழி, பெயர்ச்சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு வேலையைச் சொல்வது. ‘வெளி அளவுகளின் கூட்டலில் ஒரு பெண்டுக்குக் குறைக்க: 3.75’ என்று எழுதினால் நீளம்தான். ஆனால் அதைத் தவறாகப் படிக்க வழியில்லை. 5.25-ஐக் கார்டில் எழுத வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. எழுதினால் ‘பெண்டுக்குள் போகும் ஷீட்’ என்று எழுதலாம்.

தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். 3.75-ஐக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிட்டால் அகலம் 207.5 வரும். 15 மி.மீ. மிச்சம். முதல் பீஸை மடக்கியதுமே கண்ணுக்குத் தெரிந்துவிடும், வெட்டியும் சரிசெய்யலாம். ஆபத்து மற்றதில் இருக்கிறது. 5.25-ஐ அலவன்ஸ் என்ற பெயரை நம்பி வெளி அளவிலிருந்து கழித்துவிட்டால் 189.5 வரும். குறைவது 3 மி.மீ. மட்டும். ஓரப் பக்கங்கள் இரண்டும் பேக் கேஜில் முட்டி மடங்குவதால் சரியாக 50 வரும். ஆபரேட்டர் ஓரத்தை அளந்து பார்த்துச் சரி என்பார். 3 மி.மீ. முழுவதும் நடுப்பக்கத்தில் போய் ஒளிந்துகொள்ளும், அது 97 ஆக வரும். அசெம்பிளியில் மூடி உட்காராதபோதுதான் தெரியும். அதற்குள் முழு லாட்டும் மடங்கி முடிந்திருக்கும். குறைந்த ஷீட்டை நீட்ட முடியாது.

மடக்கும் ஆபரேட்டருக்கு இந்த 3.75 ஏன் தேவை, ஷீட்தான் வெட்டி வந்துவிட்டதே என்று கேட்கலாம். பேக் கேஜை வைக்கத் தேவை. ஓரம் 50 வர வேண்டுமென்றால், பஞ்ச்சின் நுனி இறங்கும் கோட்டிலிருந்து தடுப்பு 50 மி.மீ. தூரத்தில் இருக்கக் கூடாது. 3.75-இல் பாதியைக் குறைத்து 48.1-இல் இருக்க வேண்டும். கையால் செட் செய்யும் மிஷினில் இதை ஆபரேட்டரே குறைத்துக்கொள்வார். கம்ப்யூட்டர் கண்ட்ரோல் உள்ள மிஷினில் வெளி அளவு 50 என்று கொடுத்தால் அதுவே குறைத்துக்கொள்ளும். அங்கே போய் 48.1 என்று கொடுத்தால் இரண்டாம் முறையும் குறைத்துவிடும். ஆகவே கார்டில் பேக் கேஜ் அளவு எழுதும்போது, அது குறைத்த அளவா குறைக்காத அளவா என்பதையும் சேர்த்து எழுதிவிட வேண்டும்.

கே ஃபேக்டருக்குத் திரும்பிப் போனால், அதற்குள் ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டு டிராயிங்கோடு வரும் கார்டுகளில் இதைச் சந்திக்கலாம். ஜெர்மன் தரநிர்ணயமான டின் 6935, நடுநிலைக் கோட்டின் இடத்தைத் தகட்டின் முழுக் கனத்தால் வகுப்பதில்லை, பாதிக் கனத்தால் வகுக்கிறது. நம் 2 மி.மீ. தகட்டுக்கும் 2.5 ஆரத்துக்கும் அந்த முறையில் கிடைக்கும் எண் ஏறக்குறைய 0.7. நம் வழக்கப்படி சொன்னால் அது 0.35. இரண்டுக்கும் எழுத்து அதே கே தான். 0.7-ஐ அப்படியே நம் சூத்திரத்தில் போட்டால் ஒரு மடக்குக்கு 1.1 மி.மீ. அதிகமாகும், இரண்டு மடக்குச் சேனலில் 2.2. எங்காவது கே ஃபேக்டர் 0.5-ஐத் தாண்டினால் மொழிபெயர்ப்பவர் பேனாவை வைத்துவிட்டு டிராயிங் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும்.

கோணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சொல்லாமலும் விட முடியாது. கார்டில் 45 டிகிரி என்று இருந்தால் தகட்டை 45 டிகிரி மடக்க வேண்டுமா, மடக்கிய பின் உள்ளே 45 டிகிரி இருக்க வேண்டுமா? முதலாவது இலேசாகத் தூக்கிய தகடு, உள்ளே 135 டிகிரி. இரண்டாவது நன்றாக மூடிய கூர்மூலை. மேலே சொன்ன சூத்திரத்தில் வருவது மடக்கும் கோணம். 45-க்குப் பதில் 135 போட்டால் அலவன்ஸ் மூன்று மடங்காகிவிடும். 90 டிகிரியில் இரண்டும் ஒன்றுதான் என்பதால் மாதக்கணக்கில் யாரும் கவனிக்க மாட்டார்கள். தமிழில் ‘உள் கோணம்’ என்று ஒரே மாதிரி எழுதும் பழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது. ஆபரேட்டர் கோணமானியை உள்ளே வைத்துத்தான் அளக்கிறார், அவர் பார்க்கும் எண்ணும் கார்டின் எண்ணும் ஒன்றாக இருக்கும்.

இதுவரை உள் ஆரம் 2.5 என்று வானத்திலிருந்து வந்ததைப் போலப் பேசினோம். அது எங்கிருந்து வருகிறது? பலர் பஞ்ச்சின் நுனியிலிருந்து என்பார்கள். இன்றைய பட்டறைகளில் பெரும்பாலும் செய்யப்படும் முறையில் தகடு டையின் பள்ளத்தில் அடிவரை போய் உட்காருவதில்லை. டையின் இரு விளிம்பு, பஞ்ச்சின் நுனி என்று மூன்றே இடங்களில் தொட்டுக்கொண்டு, நடுவில் அந்தரத்தில் வளைகிறது. அப்போது ஆரத்தைப் பெரும்பாலும் முடிவுசெய்வது டையின் வாய் அகலம். மைல்டு ஸ்டீலில் வாய் அகலத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் உள் ஆரமாக வரும். 16 மி.மீ. வாய் உள்ள டையில் 2.56, அதைத்தான் 2.5 என்றோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அதே டையில் இன்னும் பெரிய ஆரம் வரும், 20 சதவீதத்துக்கு மேல்.

ஆகவே 3.75 என்ற எண் தகட்டுக்கு மட்டும் சொந்தமில்லை, தகடும் டையும் சேர்ந்த ஜோடிக்குச் சொந்தம். டை மாறினால் ஆரம் மாறும், ஆரம் மாறினால் குறைக்க வேண்டியதும் மாறும். 12 மி.மீ. டை போட்டால் 3.5. 24 மி.மீ. டை போட்டால் 4.3. ‘16 டை இல்லை, 24-இலேயே அடிச்சிடவா அண்ணே?’ என்று கேட்டால், கோணம் 90 சரியாகவே வரும் என்பதால் அடித்துவிடலாம் போலத்தான் தோன்றும். ஆனால் 192.5-க்கு வெட்டிய ஷீட்டில் சேனலின் மொத்த வெளி அளவு 1 மி.மீ.க்கு மேல் கூடிவிடும். ஆங்கிலக் கார்டுகளில் டை ஒரு கட்டத்திலும் டிடக்‌ஷன் வேறொரு கட்டத்திலும் தனித்தனியாக இருக்கும். தமிழில் எழுதும்போது இரண்டையும் ஒரே வரியில் கட்டிப்போடலாம்: ‘16 டைக்கு மட்டும் 3.75’.

இனி டன்னேஜ். கப்பல் பற்றிய செய்திகளில் டன்னேஜ் என்றால் கொள்ளளவு. கடையில் டன் என்றால் எடை. இங்கே அது விசை. ‘100 டன் மிஷின்’ என்றால் மிஷின் 100 டன் கனம் என்பதல்ல, 100 டன் எடையை மேலே வைத்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு விசையோடு ராம் இறங்க முடியும் என்பது. ஆபரேட்டர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ‘இதுக்கு எத்தனை டன் போகும்?’ என்பதுதான் அவர்களின் பேச்சு. தமிழில் ‘அழுத்தம்’ என்று எழுதத் தோன்றும், அது வேண்டாம். ஹைட்ராலிக் மிஷினின் முகப்பில் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் ஒன்று இருக்கிறது. அது காட்டுவது வேறு எண். கார்டில் அழுத்தம் 16 என்று படித்தால் கண் அந்த முள்ளுக்குத்தான் போகும். ‘விசை: 16.3 டன்’ என்று எழுதினால் வம்பில்லை.

16.3 எப்படி வந்தது? மைல்டு ஸ்டீலுக்குப் பட்டறைகளில் ஓடும் கணக்கு இது:

```
P = 1.42 × S × T² × L / V
P = 1.42 × 450 × 2² × 1000 / 16 = 159750
```

S என்பது தகட்டின் இழுவலிமை, சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டனில். L மடக்கும் நீளம், V டையின் வாய். விடை நியூட்டனில் வரும். 160 கிலோநியூட்டன், டன்னில் 16.3. அமெரிக்காவிலிருந்து வந்த கார்டாக இருந்தால் அங்கே டன் என்பது 907 கிலோதான், அதே விசையை 18 டன் என்று எழுதியிருப்பார்கள்.

சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது கனத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் 2. தகட்டின் கனம் ஒன்றரை மடங்கானால் விசை ஒன்றரை மடங்காவதில்லை, இரண்டேகால் மடங்காகிறது. அதே டையில் 3 மி.மீ. ஷீட் வைத்தால் 16 டன் 37 டன்னாகிவிடும். டை வாயைப் பெரிதாக்கினால் விசை குறையும். தகட்டின் கனத்தைப் போல் எட்டு மடங்கு வாயுள்ள டை என்ற பட்டறை விதி, விசையும் ஆரமும் இரண்டும் கட்டுக்குள் நிற்கும் ஒரு நடுவழி.

ஆனால் டன்னேஜில் மொழிபெயர்ப்பவர் கண்டுபிடிக்க வேண்டியது இந்தக் கணக்கை அல்ல. மொத்த டன்னா, மீட்டருக்கு இத்தனை டன்னா என்பதைத்தான். நம் சேனல் சரியாக 1 மீட்டர் என்பதால் இரண்டும் ஒரே எண்ணாகி வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது. வேறு வேலையை எடுப்போம். 6 மி.மீ. பிளேட், நீளம் 300 மி.மீ. மட்டும். முறைப்படி 48 மி.மீ. டை போட வேண்டும். அது இல்லை என்று 32 மி.மீ. டையில் வைக்கிறார்கள். கணக்குப் போட்டால் மொத்தம் 22 டன். 100 டன் மிஷினுக்கு இது கால்வாசிகூட இல்லை. ஆபரேட்டர் தயங்க மாட்டார்.

மீட்டர் கணக்கில் பாருங்கள். 22 டன்னும் 300 மி.மீ.க்குள் குவிகிறது, மீட்டருக்கு 73 டன். பல மிஷின்களில் முழு டன்னையும் இரு பக்கத் தூண்களுக்கு இடையிலான தூரத்தில் குறைந்தது 60 சதவீத நீளத்தில் பரவலாகப் போட வேண்டும் என்றுதான் கட்டமைத்திருப்பார்கள். தூண்களுக்கு நடுவே 2.5 மீட்டர் என்றால் அதில் 60 சதவீதம் 1.5 மீட்டர். 100 டன்னை அதால் வகுத்தால் மீட்டருக்கு 67 டன். நம் சின்னப் பிளேட் அதைத் தாண்டிவிட்டது. நடுவில் வைத்து இப்படியே அடித்துக்கொண்டிருந்தால் ராமும் பெட்டும் நடுவில் நிரந்தரமாக வளைந்துவிடும். அன்றைக்கு எதுவும் தெரியாது. பிறகு ஒருநாள் 2 மீட்டர் நீள ஷீட்டை மடக்கும்போது இரு முனைகளிலும் 90, நடுவில் 92 என்று கோணம் திறந்து வரும். டைக்கு அடியில் காகிதமோ மெல்லிய தகட்டுத் துண்டோ சொருகிச் சமாளிக்கத் தொடங்குவார்கள். நடுவில் சொருகல் இல்லாமல் நீளப் பீஸ் சரியாக வராத மிஷினைப் பார்த்தால், அது ஒரு காலத்தில் குட்டைப் பீஸ்களால் அடிபட்டதா என்று சந்தேகிக்கலாம். பஞ்ச்சும் டையும் கூட மீட்டருக்கு இத்தனை டன் என்ற வரம்போடுதான் வருகின்றன. பல கருவிகளில் அது முத்திரையாகவே குத்தப்பட்டிருக்கும்.

ஆகவே தமிழ்க் கார்டில் டன்னேஜ் என்ற ஒரு வரி இரண்டாகப் பிரிய வேண்டும். மூலத்தில் ஒன்றுதான் இருந்தாலும் மற்றதை நீளத்தால் வகுத்தோ பெருக்கியோ எழுதிவிடலாம். மூலத்தில் இல்லாததை எழுதலாமா என்று மொழிபெயர்ப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். கவிதைக்கு அந்தக் கூச்சம் சரி. இங்கே மிஷினின் பெயர்ப்பலகையில் மொத்த டன்னும் கருவியின் முத்திரையில் மீட்டர் டன்னும் இருக்கின்றன, கார்டில் இரண்டும் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

நம் சேனலின் கார்டு தமிழில் இப்படி இருக்கும்:

ஷீட்: மைல்டு ஸ்டீல், கனம் 2
வெட்டும் அளவு: 192.5 × 1000
வெளி அளவு: 50 – 100 – 50
பெண்ட்: 2, இரண்டும் மேல் நோக்கி, உள் கோணம் 90
டை: 16. இந்த டைக்கு மட்டும், ஒரு பெண்டுக்குக் குறைக்க: 3.75 (வெட்டும் அளவில் குறைத்தாகிவிட்டது)
பேக் கேஜ்: 48.1 (குறைத்த அளவு. கம்ப்யூட்டர் மிஷினில் 50 கொடுக்கவும்)
விசை: மொத்தம் 16.3 டன். மீட்டருக்கு 16.3 டன்
முதல் பீஸில் நடுப்பக்கம் 100 வருகிறதா பார்க்கவும்

கடைசி வரி ஆங்கிலக் கார்டில் பெரும்பாலும் இருப்பதில்லை. பிழை ஒளிந்துகொள்ளும் இடம் நடுப்பக்கம் என்பதால் அங்கே அளக்கச் சொல்கிறது.

இன்னும் கேட்க வேண்டியது, 3.75 என்ற எண்ணை நம்பலாமா என்பது. 0.42-உம் 16 சதவீதமும் சராசரிகள்தான். 2 மி.மீ. என்று வாங்கிய ஷீட் மைக்ரோமீட்டரில் சரியாக 2 காட்ட வேண்டும் என்றில்லை. நல்ல பட்டறைகள் கணக்கை நம்பாமல் ஒரு துண்டை நம்புகின்றன. அதே ஷீட்டிலிருந்து அகலம் சரியாக 100 இருக்கும்படி ஒரு பட்டையை வெட்டி, அதே டையில் ஏறக்குறைய நடுவில் 90 டிகிரிக்கு மடக்கி, இரு கால்களின் வெளி அளவையும் வெர்னியரில் எடுக்கிறார்கள். ஒன்று 52.1, மற்றது 51.6 என்று வந்தால் கூட்டல் 103.7. வெட்டியது 100. கூடுதலாக வந்த 3.7 தான் உண்மையான டிடக்‌ஷன். சூத்திரமும் தேவையில்லை, கே ஃபேக்டரும் தேவையில்லை. கார்டின் 3.75-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடக்குக்கும் சேர்த்து 0.1 மி.மீ., விட்டுவிடலாம்.

கூட்டல் 104.3 என்று வந்தால் முதலில் கணக்கைச் சந்தேகிக்க வேண்டாம், டையைப் பாருங்கள். முந்தைய ஷிஃப்டில் போட்ட 24 டை மாற்றப்படாமல் இருக்க வாய்ப்பு அதிகம். 103.5 என்றால் 12 டை. எதுவானாலும் ஷீட்டுகள் ஏற்கெனவே 192.5-க்கு வெட்டப்பட்டு அடுக்கில் இருக்கின்றன. பேக் கேஜை நகர்த்தினால் வித்தியாசம் ஓரத்திலிருந்து நடுவுக்கோ நடுவிலிருந்து ஓரத்துக்கோ போகுமே தவிர மறையாது. டையைக் கழற்றி 16-ஐப் போட்டு, இன்னொரு பட்டையை மடக்கி அளந்த பிறகுதான் முதல் ஷீட்டைத் தூக்க வேண்டும்.